படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி? – வகுப்பில் பேச ஒரு பாடம்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணப் பணியும், 2003இல் நமது திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் நிறுவிய பாலியம் இந்தியா அமைப்பும், 2008இல் கேரள அரசு வெளியிட்ட பாலியேட்டிவ் கொள்கையும் சேர்ந்து, படுத்த படுக்கையான முதியோரை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் வழக்கத்தை இங்கே வலுப்படுத்தியிருக்கின்றன. பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருகிறார். ஆனால் அவர் வந்துபோவது எப்போதாவது ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பொறுப்பு வீட்டாருடையது. அந்த வீட்டாருக்காக, குடியிருப்போர் சங்க வகுப்புகளில் படம் காட்டிப் பேசுவதற்கேற்ப இப்பாடத்தை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பேச்சும், பேசுபவருக்கான குறிப்பும் உள்ளன. வகுப்பில் ஒரு நர்ஸ் உடனிருப்பது நல்லது.

படம் 1: எடை குற்றவாளி அல்ல

பேச்சு: பெரியோர்களே, 55 கிலோ எடையுள்ள ஒரு தாத்தா மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் உடல் மெத்தையில் 5000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சமமாகப் படிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 11 கிராம்தான் பாரம். தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ரத்தம் ஓடும் அழுத்தத்தை லாண்டிஸ் என்ற ஆய்வாளர் 1930இல் அளந்தார். அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 43 கிராம். ஆக, பாரம் சமமாகப் பரவினால் ஆபத்து இல்லை.

ஆனால் உடல் சமமாகப் படிவதில்லை. குதிகாலில் ஒரு கிலோ பாரம் 5 சதுர சென்டிமீட்டரில் நின்றால், அங்கே 200 கிராம். ரத்தம் ஓடும் அழுத்தத்தைப் போல் நாலரை மடங்கு! குழாய் நசுங்குகிறது, ரத்தம் நிற்கிறது, தசை பட்டினி கிடக்கிறது. நாமாக இருந்தால் உறுத்தும், புரண்டு படுப்போம். பக்கவாதம் வந்தவருக்கு உறுத்துவதும் தெரியாது, புரளவும் முடியாது.

பேசுபவர் குறிப்பு: ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பரும் ஜல்லியும் ஏன் என்று கேளுங்கள். சக்கரத்தின் பாரத்தைப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கத்தான். தலையணையின் வேலையும் அதுவே. 43 என்பது இளம் வயதினரின் நகக்கண் அருகே அளந்தது. அதை எல்லைக்கோடாகச் சொல்ல வேண்டாம். முதியவர்களுக்குக் குறைந்த அழுத்தமும் நீண்ட நேரம் நின்றால் கேடு செய்யும்.

படம் 2: முப்பது டிகிரிச் சாய்வு

பேச்சு: ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம் என்று நேர் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பினால், பாரம் முழுவதும் இடுப்பெலும்பு முட்டில் இறங்கிவிடும். 30 டிகிரி மட்டும் சாயுங்கள். ஒரு தலையணையைத் தோளிலிருந்து இடுப்பு வரை முதுகின் ஒரு பக்கத்தில் செருகுங்கள். இன்னொன்றை மேலே வரும் காலுக்கு அடியில் வையுங்கள். பாரம் சதைப்பற்றுள்ள பிட்டத்தில் நிற்கும். பிறகு முதுகின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். வால் எலும்பு மெத்தையைத் தொடக் கூடாது.

குதிகாலுக்குக் கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் ஒரு தலையணை. முழங்கால் சற்றே மடங்கியிருக்க, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு காகிதத்தைக் குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே தடையில்லாமல் இழுக்க முடிந்தால் சரி.

பேசுபவர் குறிப்பு: ஒருவரைப் பாயில் படுக்கவைத்து, வகுப்பில் உள்ளவர்களையே தலையணை வைக்கச் சொல்லுங்கள். நடுவில் துளையுள்ள காற்று வளையம், தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள ரத்தக் குழாய்களை நெரித்துவிடும்.

படம் 3: இழுப்பு – கண்ணுக்குத் தெரியாத காயம்

பேச்சு: தலைப்பக்கத்தை உயர்த்தினால் உடல் மெல்லக் கீழே சறுக்குகிறது. தோல் விரிப்பில் ஒட்டி நிற்கிறது; எலும்பு உள்ளே நகர்கிறது. நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுகின்றன. மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே புண் தொடங்குவது இப்படித்தான். சாப்பாட்டுக்கும், சாப்பிட்டபின் புரை ஏறாமலிருக்க அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கும் நன்றாக உட்கார வையுங்கள். பிறகு 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். உயர்த்தும்போது முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை, அப்புறம் தலை. மேலே நகர்த்த வேண்டுமானால் அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். உடம்புக்கு அடியில் மடித்த போர்வையை விரித்து, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

படம் 4: விரல் சோதனை

பேச்சு: தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு முட்டுகள், குதிகால், தோள், காது மடல், முழங்கால்கள் உரசும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மீண்டும் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண்ணின் முதல் படி வந்துவிட்டது. நம்மவர் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். அப்போது பக்கத்துத் தோலோடு தொட்டு ஒப்பிடுங்கள். சூடாகவோ, கல்லாகவோ, கொழகொழவென்றோ இருந்தால், தொட்டால் முகம் சுளித்தால், அதுவும் அடையாளம்தான்.

பேசுபவர் குறிப்பு: பலரும் சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவார்கள். ஸ்பிரிட் தோலை உலர்த்தும். பவுடர் வியர்வையில் கட்டியாகி உறுத்தும். தேய்ப்பது உள்ளே நொந்த தசையை மேலும் கெடுக்கும். சிவந்த இடத்துக்கு ஒரே மருந்து, அங்கே பாரம் விழாமல் செய்வது. நனைந்த துணியை உடனே மாற்றவும் சொல்லுங்கள்.

படம் 5: ஒரு தாத்தாவின் ஒரு நாள்

பேச்சு: படம் 1இல் பார்த்த அதே தாத்தாவை எடுத்துக்கொள்வோம். வயது 78, இடது பக்கம் பக்கவாதம், நல்ல ஃபோம் மெத்தை. பகலில் இரண்டு மணிக்கொரு முறை வலது சாய்வு, மல்லாந்து, இடது சாய்வு என்று மாற்றுகிறார்கள். உணர்வற்ற இடது பக்கத்துக்கு மட்டும் ஒன்றரை மணிதான். இரவில் மூன்று மணிக்கொரு முறை. சுவரில் ஒரு தாளில் நேரமும் பக்கமும் எழுதுகிறார்கள்.

நான்காம் நாள் காலை வால் எலும்பில் வெளுக்காத சிவப்பு. வீட்டார் இரவில் சரியாகத் திருப்பவில்லை என்று ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறார்கள். ஆனால் தாளைப் பார்த்தால் இரவு முறை சரியாகவே நடந்திருக்கிறது. மாலை நாலு முதல் ஏழு வரை டி.வி. பார்க்கத் தலையை உயர்த்திவைத்திருந்தது மட்டும் தாளில் ஏறவில்லை. மூன்று மணி நேரச் சறுக்கல்! டி.வி. நேரம் ஒரு மணியாகக் குறைகிறது, சிவப்பு மறையும் வரை மல்லாந்து படுக்கவைப்பதில்லை, இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை திருப்புகிறார்கள், நர்ஸுக்கும் சொல்லியாயிற்று.

இடமே காரணத்தைச் சொல்லும். வால் எலும்பு என்றால் சறுக்கல். இடுப்பு முட்டு என்றால் அதிகம் திருப்பியது. குதிகால் என்றால் தலையணை விலகியது. காதின் பின்புறம் என்றால் ஆக்ஸிஜன் குழாய்.

பேசுபவர் குறிப்பு: "ஏர் பெட் வாங்கினால் போதுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். அதன் அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்குவதால் உதவி உண்டு. திருப்புவதை நிறுத்த முடியாது. பிட்டத்துக்கு நேர்கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதாது. மேலே தடித்த விரிப்புகளை அடுக்கினால் பயன் போய்விடும். கரண்ட் போனால் காற்று இறங்கலாம் என்பதால் அடியில் ஃபோம் மெத்தை இருக்கட்டும்.

தோல் உரிந்தாலும், கருநீலமாக மாறினாலும், நாற்றமோ காய்ச்சலோ வந்தாலும் அன்றே நர்ஸையோ மருத்துவரையோ அழைக்கச் சொல்லுங்கள். இறுதி நாட்களில் இருப்பவருக்கு, எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் புண் வரும். அப்போது கடிகாரத்தைவிட அவருடைய வலியே முக்கியம்; எந்தப் பக்கம் அவருக்குச் சுகமோ அந்தப் பக்கம் படுக்கட்டும். இதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். வீட்டார் வீணாகத் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.