சராசரி எடுத்து மின்னழுத்தம் காண வரும் பிள்ளைகளுக்கு

எல்லையில் மின்னழுத்தம் தெரியும், உள்ளே தெரியாது. உள்ளே கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்து நான்கு புள்ளிகளின் சராசரியை வைத்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். உண்மைதான். எப்போது வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் கணக்கைத் தாளில் போடுங்கள். ஒரு சதுரம் வரைந்து மேல் பக்கத்துக்கு 100 வோல்ட்டும் மற்ற மூன்று பக்கங்களுக்கும் 0 வோல்ட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரித்தால் உள்ளே ஒன்பது புள்ளிகள் கிடைக்கும். உள்ளே மின்னூட்டம் ஏதும் இல்லாதபோது, லாப்லாஸ் சமன்பாடு கட்டத்தில் சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு புள்ளியும் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கின் சராசரி. 100-ம் 0-ம் முட்டிக்கொள்ளும் மேல் மூலைகளுக்கு என்ன மதிப்பு கொடுப்பது என்று தவறாமல் ஒருவர் கேட்பார். எதை வேண்டுமானாலும் கொடுங்கள். ஒன்பது புள்ளிகளில் ஒன்றுக்குக்கூட மூலை பக்கத்துப் புள்ளி இல்லை.

2. விடையில் ஓர் எண்ணையாவது முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சதுரத்தின் நடுப்புள்ளி 25 வோல்ட். காரணம் எளிது. 100 வோல்ட்டை நான்கு பக்கங்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து நான்கு விடைகளையும் கூட்டினால், எல்லை முழுவதும் 100 ஆகிவிடும், உள்ளேயும் எங்கும் 100தான். நடுப்புள்ளிக்கு நான்கு பக்கங்களும் சமம் என்பதால் ஒவ்வொன்றின் பங்கும் 25. மேலும், உள்ளே எந்தப் புள்ளியும் எல்லையின் மிகப் பெரிய மதிப்பைத் தாண்டாது, மிகச் சிறியதற்குக் கீழும் இறங்காது. முடிவு விடையில் 103 என்றோ −2 என்றோ கண்டால் வேறெதையும் பார்க்க வேண்டாம், நிரலில் தவறு.

3. புது மதிப்பு கிடைத்தவுடனே அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சுற்று முடியும்வரை பழைய மதிப்புகளையே வைத்திருப்பது ஜேக்கோபி முறை. உடனுக்குடன் மாற்றுவது காஸ்–சைடல் முறை. நம் பாடநூல்களில் லீப்மேன் முறை என்றும் இருக்கும். இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். எல்லாப் புள்ளிகளையும் பூஜ்ஜியத்தில் தொடங்கி, மேல் வரிசையை இடமிருந்து வலமாகப் போட்டால் முதல் சுற்றில் 25, 31.25, 32.81 என்று வரும். படம் இடவலச் சமச்சீராக இருக்க, எண்கள் அப்படி இல்லையே என்று பயப்பட வேண்டாம். நாம் போன வரிசையால் வந்த வேறுபாடு அது, சுற்றுகள் ஏற ஏற மறையும். கடைசியில் மேல் வரிசை 42.86, 52.68, 42.86 என்று நிற்க வேண்டும். வேறுபாடு மறையாமல் நின்றால் ஏதோ ஒரு புள்ளியின் சூத்திரம் தப்பு.

4. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மேலே போட்ட கணக்கில் நடுப்புள்ளி சுற்றுக்குச் சுற்று 9.38, 17.19, 21.09, 23.05 என்று ஏறும். 25-க்கு உள்ள தூரத்தைப் பாருங்கள்: 15.62, 7.81, 3.91, 1.95. ஒவ்வொரு சுற்றிலும் பிழை பாதியாகிறது. பாதியாகும்போது ஒரு வேடிக்கை நடக்கும்: கடைசிச் சுற்றில் மதிப்பு எவ்வளவு மாறியதோ, அவ்வளவுதான் இன்னும் மிச்சமிருக்கும் பிழை. ஆகவே "மாற்றம் 0.01-க்குக் கீழே போனால் நிறுத்து" என்பது இங்கே நல்ல விதி. பிள்ளைகள் இந்தச் சின்னக் கணக்கில் அந்த விதியைப் பழகிவிட்டு, அப்படியே பெரிய கட்டத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அங்கேதான் வினை.

பக்கத்தை நூறாகப் பிரியுங்கள். இப்போது காஸ்–சைடலில் ஒரு சுற்று பிழையை ஏறத்தாழ 0.999 மடங்காக மட்டுமே குறைக்கும். அதாவது ஒரு சுற்றின் மாற்றம், மிச்சப் பிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாற்றம் 0.01 வோல்ட் ஆனதும் நிறுத்தினால் பிழை சுமார் 10 வோல்ட் இருக்கும்! ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள் ஓடிய பிறகும் நடுப்புள்ளி 25-க்குப் பதில் 15-ஐ ஒட்டி நிற்கும். எண்கள் அசையாமல் இருப்பதுபோல் தெரியும், வரைபடமும் வழவழப்பாக அழகாக இருக்கும்.

எக்செலில் போடுபவர்களுக்கு இந்தப் பொறி இன்னும் நெருக்கம். B2 கட்டத்தில் இப்படி எழுதி மற்றவற்றுக்கு நகலெடுப்பீர்கள்:

```
=(A2+C2+B1+B3)/4
```

சுழல் சூத்திரம் என்பதால் `Enable iterative calculation` என்பதை இயக்க வேண்டும். அங்கே `Maximum Iterations` 100 என்றும் `Maximum Change` 0.001 என்றும் முன்பே இருக்கும். ஒன்பது புள்ளிகளுக்கு அது தாராளம். நூறு பிரிவுக் கட்டத்தில் நூறு சுற்று முடிந்தும் நடுப்புள்ளி ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே கிடக்கும். F9-ஐ மறுபடியும் அழுத்திப் பாருங்கள். எண் நகர்ந்தால் நீங்கள் வைத்திருந்தது விடையல்ல.

5. சரி, எப்படித்தான் நிறுத்துவது? அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளின் மாற்றங்களை வகுத்து விகிதம் காணுங்கள். விகிதம் r என்றால் மிச்சப் பிழை ஏறத்தாழ மாற்றம் × r/(1−r). r பாதியாக இருந்தால் பிழையும் மாற்றமும் ஒன்று, 0.999 என்றால் பிழை ஆயிரம் மடங்கு. தொடக்கச் சுற்றுகளின் விகிதத்தை நம்பாதீர்கள். அது ஒரே எண்ணில் நிலைத்த பிறகு கணக்கிடுங்கள்.

வேகம் வேண்டுமென்றால், சராசரி சொல்லும் நகர்வைவிடக் கூடுதலாக நகர்த்துங்கள். டேவிட் யங் 1950-இல் ஹார்வர்டு முனைவர் பட்ட ஆய்வில் இதற்குக் கணித அடித்தளம் போட்டார். நூறு பிரிவுச் சதுரத்துக்கு நகர்வை 1.94 மடங்காக்கினால் போதும். பிழையைப் பத்தில் ஒன்றாக்க காஸ்–சைடலுக்குச் சுமார் 2,300 சுற்றுகள் என்றால், இதற்குச் சுமார் 40. பேராசையில் 2-ஐத் தொட்டால் கணக்கு ஒருபோதும் நிலைக்காது.

6. சுற்றுகளால் தீராத பிழை ஒன்றும் உண்டு. ஒன்பது புள்ளிக் கணக்கில் மேல் வரிசை நடுப்புள்ளி 52.68-இல் நிற்கிறதே, அந்த இடத்தின் உண்மையான மின்னழுத்தம் 54.05. கோடிச் சுற்று ஓட்டினாலும் 52.68தான் வரும், ஏனென்றால் அது கட்டத்தின் பிழை. கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி போட்டால்தான் விடை 54.05 பக்கம் நகரும். 100-ம் 0-ம் சந்திக்கும் மூலைகளுக்கு அருகில் இந்தப் பிழை பிடிவாதமாக நிற்கும். அங்கே கிடைக்கும் எண்களை வைத்து மின்புலம் கணக்கிட வேண்டாம்.

7. உள்ளே ஒரு மின்முனை இருந்தால் அதன் புள்ளிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள். கொடுத்த வோல்ட்டில் அவை அப்படியே இருக்கட்டும்.

செய்முறை ஏட்டில் விடையோடு கட்ட அளவு, சுற்று எண்ணிக்கை, கடைசி மாற்றம், விகிதம் r ஆகிய நான்கையும் எழுதுங்கள். இவை இல்லாமல் வண்ணப்படம் மட்டும் ஒட்டிக் கொண்டுவந்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன்.