கொடைக்கானல் வீட்டுக்கு ஒரு கேப்ஷன்

வீட்டு மாடியை ஹோம்ஸ்டேயாக விடுகிறவர்கள் படத்துக்குக் கீழே "மலையின் மடியில் ஓர் இல்லம்" என்று எழுதுவார்கள். பார்க்கிறவர் போன் போட்டுக் கேட்பதோ வேறு: எத்தனை பேர் தங்கலாம், எவ்வளவு, எப்படி வருவது? இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிதான் முதலில் தெரியும். ஊர், ஆள் கணக்கு, தொடக்க ரேட் மூன்றும் அங்கேயே வந்துவிடட்டும்.

அடுத்து அறை. "டீலக்ஸ்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கட்டில் எத்தனை, பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மூன்றாவது ஆளுக்குக் கட்டிலா, தரையில் மெத்தையா என்பதையும் மறைக்க வேண்டாம். கொடைக்கானல் குளிரில் தரைப் படுக்கை சண்டையில்தான் முடியும்.

ரேட்டில் "சீசனில் தனி" என்று விட்டுவிடாதீர்கள். ஏப்ரல், மே கூட்டம் ஊரறிந்தது; மலர்க் கண்காட்சி நடப்பதும் மே மாதத்தில்தான். ஆனால் ஜூன் முதல் வாரம் சீசனா இல்லையா என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஆகவே தேதி போடுங்கள். பூஜை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை என்ன ரேட் என்பதும், ரேட் அறைக்கா தலைக்கா என்பதும் தெரிய வேண்டும்.

வழி எழுதுமுன் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். மேப் சில சமயம் படிக்கட்டுப் பாதையைக் காட்டிவிடும். மலையில் தூரத்தை விட ஏற்றம்தான் முக்கியம். "500 மீட்டர்" என்பதை நம்பி வரும் பாட்டி பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். மூடுபனியில் போர்டு தெரியாது என்பதால் கேட், சுவர் நிறம் போன்ற கிட்டப் போனால் தெரியும் அடையாளம் ஒன்றும் வேண்டும்.

மூஞ்சிக்கல் பக்கத்து வீடு என்று வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

"கொடைக்கானல், மூஞ்சிக்கல். 2 அறை, 6 பேர் வரை. அறை ரூ.1,500 முதல்.
கீழ் அறை: டபுள் கட்டில், 2 பேர். மாடி அறை: டபுள் கட்டில், கூடுதலாக 2 பேருக்குத் தரை மெத்தை. இரண்டிலும் பாத்ரூம் உள்ளேயே. வெந்நீர் காலை 6–9.
ஓர் இரவுக்கு, அறைக்கு: கீழே ரூ.1,500, மாடி ரூ.2,200. ஏப்ரல் 1 – ஜூன் 10, டிசம்பர் 23 – ஜனவரி 2: ரூ.2,500, ரூ.3,500. பூஜை, தீபாவளி விடுமுறைக்கும் இதே ரேட்.
வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்பே மூஞ்சிக்கல்லில் இறங்கலாம். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டால் வத்தலக்குண்டு ரோட்டிலேயே திரும்பி வரவும். மூஞ்சிக்கல்லிலிருந்து 5 நிமிடம் ஏற்றம், 30 படி. நீல கேட். பெட்டி அதிகம் என்றால் டாக்சி. கார் கேட் வரை வரும்."

விலையெல்லாம் மாதிரிக்குத்தான். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்காகக் கடைசியில் இ-பாஸ் பற்றி ஒரு வரி சேருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. epass.tnega.org என்ற முகவரியையும் போட்டுவிட்டால் செக்போஸ்ட்டிலிருந்து உங்களுக்குப் போன் வராது.