தியேட்டர் விளம்பரமும் ‘கோர்ட் தீர்ப்பு’ வீடியோக்களும்

2025 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு செய்தி நாடு முழுக்கப் பரவியது. பி.வி.ஆர். தியேட்டரில் மாலை 4.05 மணிக் காட்சிக்கு ‘சாம் பகதூர்’ படம் பார்க்கப் போனவருக்கு 4.30 மணி வரை விளம்பரங்களும் முன்னோட்டங்களும்தான் காட்டப்பட்டன. 2023 டிசம்பரில் நடந்தது இது. அவர் புகார் கொடுத்தார், உத்தரவும் அவருக்குச் சாதகமாக வந்தது. உடனே நுகர்வோர் விழிப்புணர்வு என்ற பெயரில் வீடியோக்கள் வரிசை கட்டின. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டவைதான். ஆனால் அவற்றை நம்பி தியேட்டர் மேலாளரிடம் சண்டைக்குப் போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

நம்பிக்கை: “டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் விளம்பரம் போடுவது சட்டவிரோதம், கோர்ட்டே சொல்லிவிட்டது.”

உத்தரவு போட்டது பெங்களூரு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், நாள் 2025 பிப்ரவரி 15. புகார்தாரரின் மன உளைச்சலுக்கு 20,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 8,000 ரூபாய், நுகர்வோர் நல நிதிக்கு 1 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று பி.வி.ஆர். நிறுவனத்துக்குச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. படம் உண்மையில் தொடங்கும் நேரத்தை டிக்கெட்டில் குறிப்பிட வேண்டும், அந்த நேரத்தைத் தாண்டி விளம்பரம் ஓட்டக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அரசின் விழிப்புணர்வுப் படங்களைக் காட்டுவது எங்கள் கடமை என்று நிறுவனம் வாதிட்டது. காட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி வணிக விளம்பரம்தான் என்று ஆணையம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

பெரும்பாலான வீடியோக்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. கதை முடியவில்லை. நிறுவனத் தரப்பு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச் 10 அன்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு தனிநபரின் புகாரைப் பொதுநல வழக்கைப் போல ஆணையம் நடத்தியிருக்கிறது, தன் அதிகார எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பது முதல் பார்வையில் உயர் நீதிமன்றத்துக்குத் தோன்றியது.

தடை ஒருபுறம் இருக்கட்டும். தடையே இல்லாவிட்டாலும், மாவட்ட ஆணையத்தின் உத்தரவு அந்த வழக்கில் உள்ளவர்களைத்தான் கட்டுப்படுத்தும். சென்னையிலோ மைசூரிலோ உள்ள இன்னொரு தியேட்டருக்கு அது சட்டம் ஆகிவிடாது. ஒரே குறை பலருக்கும் இருந்தால் எல்லோர் சார்பிலும் புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குப் பிரிவு 35(1)(சி)-இன்படி ஆணையத்தின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். ஒட்டுமொத்த நுகர்வோர் நலனுக்காக நடவடிக்கை எடுக்கவென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று தனி அமைப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழில் ‘ஆணையம்’ என்றே பெயர் வருவதால் வீடியோவில் முழுப் பெயரைச் சொல்வது முக்கியம்.

நம்பிக்கை: “தியேட்டருக்கு ஒரு லட்சம் அபராதம்.”

அபராதம் என்பது குற்றத்துக்கான தண்டனை. இந்தப் புகார் குற்ற வழக்கே அல்ல. ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்ற அடிப்படையில் கேட்கப்பட்ட நிவாரணம் அது. 20,000 ரூபாய் இழப்பீடு, 8,000 ரூபாய் வழக்குச் செலவு. அந்த 1 லட்சம், தவறு திரும்ப நடக்காமலிருக்க ஆணையம் கூடுதலாக விதிக்கக்கூடிய தண்டனை இழப்பீடு. அது புகார்தாரர் கைக்குப் போவதில்லை, நல நிதிக்குப் போகிறது. “கேஸ் போட்டார், ஒன்றரை லட்சம் அடித்தார்” என்கிற மாதிரித் தலைப்புகள் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காமல் விட்டால் மட்டும்தான் பிரிவு 72-இன்படி சிறை, அபராதம் என்ற பேச்சே வரும்.

ஆகவே இந்தச் செய்தியை வீடியோவில் இப்படிச் சொல்லலாம்: “ஒருவர் கொடுத்த புகாரில் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2025 பிப்ரவரி 15 அன்று இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் மார்ச் 10 அன்று இடைக்காலத் தடை விதித்தது. வழக்கின் இன்றைய நிலையை உயர் நீதிமன்ற இணையதளத்தில் பாருங்கள்.” இருபது நொடிகூட ஆகாது. பரபரப்பு குறையும்தான். ஆனால் பார்ப்பவர் நாளை யாரிடமாவது இதைச் சொன்னால், அவர் சொல் எடுபடும்.

நம்பிக்கை: “கடைசியில் ‘இது சட்ட ஆலோசனை அல்ல’ என்று போட்டுவிட்டால் போதும்.”

பொறுப்புத் துறப்பு ஒரு தகவல், கவசம் அல்ல. தவறாகச் சொன்னதை அது சரியாக்காது. ஒரு நிறுவனத்தை மோசடிக்காரர் என்று ஆதாரமில்லாமல் சொல்லிவிட்டுக் கீழே பொடி எழுத்தில் துறப்பு ஓடவிட்டால், அவதூறு வழக்கிலிருந்து அது காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில் துறப்பு பற்றி நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. முதன்மைக் கூற்று எந்த மொழியிலோ துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும், தெளிவாகக் கண்ணில் பட வேண்டும், தவறான கூற்றைத் திருத்துவதற்குத் துறப்பைப் பயன்படுத்தக் கூடாது. விழிப்புணர்வு வீடியோ விளம்பரம் அல்ல என்றாலும் இதே அளவை வைத்துக்கொள்வது நல்லது. புகார் எழுதித் தரும் சேவை ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த வீடியோ என்றால் அது விளம்பரமேதான். பணம் வாங்கியதைச் சொல்லியாக வேண்டும்.

பேச்சுத் தமிழில், வீடியோவின் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லலாம்: “நான் சொல்றது பொதுத் தகவல், இன்னிக்கு தேதி வரைக்கும் உள்ள நிலவரம். உங்க வழக்குக்கு என்ன செய்யணும்னு வக்கீலையோ ஆணையத்தையோ கேளுங்க.” தேதியை வாயால் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் எடுத்த வீடியோ மார்ச்சில் பழசாகிவிட்டது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

நம்பிக்கை: “1915-க்குப் போன் பண்ணினால் கேஸ் பதிவாகிவிடும்.”

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். பல சமயம் பணம் திரும்பக் கிடைத்துவிடும், அதனால் முதலில் அங்கே போகச் சொல்வது சரிதான். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. வழக்கு வேண்டுமென்றால் மாவட்ட ஆணையத்தில் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் பெங்களூரில் குடியிருந்தால் பெங்களூரிலேயே தாக்கல் செய்யலாம்.

எந்த ஆணையம் என்பதையும், கட்டணம் எவ்வளவு என்பதையும் நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகைதான் தீர்மானிக்கிறது. கொடுத்தது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. பழைய 1986 சட்டத்தில் இழப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன்றும் பல வீடியோக்கள் அந்தப் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் மூலப் பாடம் indiacode.nic.in தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

காலக்கெடுவையும் மறக்காமல் சொல்ல வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது என்பதால் மட்டும் அந்தக் கெடு நின்றுவிடாது.