பழுது மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா? கடிதம் எழுதும் முன் சில குறிப்புகள்

காக்கநாட்டில் இன்ஃபோபார்க்கைச் சுற்றி இருக்கும் குடியிருப்புகளில் ஏதாவது ஒரு மாடியறையில் ட்ரோன் பாகங்கள் விரிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் பொருத்துவது மகன் வேலை. பில், கூரியர், கடைக்காரருக்குக் கடிதம் எல்லாம் என் வேலை. கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மொத்தமாக வாங்கிய பிரஷ்லெஸ் மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் பழுதாக வந்தால் காசு போகாமல் திரும்ப வாங்க, இதோ தோழிகளே, தோழர்களே.

1. பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கூரியர் லேபிள், ஒட்டிய டேப், பெட்டியின் நான்கு பக்கம், பிறகு உள்ளே இருப்பது என்று ஒரே ஓட்டமாக இருக்கட்டும். நடுவில் நிறுத்தினால் அதன் மதிப்பு பாதி போய்விடும்.

2. முட்டை வாங்கிய அட்டைத் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குழிக்கு ஒரு மோட்டார் வைத்து, தட்டிலும் மோட்டாரின் வயரில் ஒட்டிய துண்டு டேப்பிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது எது என்று தெரியாமல் போகும் தொல்லை இல்லை.

3. மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றுக்கு பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. கடைக்காரர் "உங்க ஊர் ஈரம்தான் காரணம்" என்று சொல்ல இடம் வைக்காமல், வந்த அன்றே எல்லா பேரிங்கையும் கிட்டத்தில் படம் எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

4. ட்ரோன் கையில் திருகுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். தேவைக்கு மேல் நீளமான திருகு மோட்டாரின் அடியில் நுழைந்து செம்புச் சுற்றைத் தொட்டுவிட்டால் அது உங்கள் தவறாகிவிடும். திருகுத் தடமே இல்லாத மோட்டாரைத் திருப்பித் தந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

5. சில விஷயங்களைப் பழுது என்று எழுதி மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று வயரில் எந்த இரண்டையாவது மாற்றிச் சொருகினால் போதும். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் கிளம்பினால் முதலில் எல்லா கன்ட்ரோலருக்கும் த்ராட்டில் அளவைப் பதியவையுங்கள்; பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

6. திக்கித் திக்கிச் சுற்றுகிறது என்றால் குறை மோட்டாரிலா கன்ட்ரோலரிலா? அந்த மோட்டாரை நன்றாக ஓடும் கன்ட்ரோலரில் மாட்டுங்கள்; நல்ல மோட்டாரைச் சந்தேகக் கன்ட்ரோலரில் மாட்டுங்கள். எதோடு திக்கல் போகிறதோ அதுதான் குற்றவாளி. இதைச் செய்யாமல் "செட்டு வேலை செய்யவில்லை" என்று எழுதினால் மோட்டார்க்காரர் கன்ட்ரோலரைச் சொல்வார், கன்ட்ரோலர்க்காரர் மோட்டாரைச் சொல்வார். இந்தச் சோதனை முழுக்க இறக்கையைக் கழற்றிவிட்டுத்தான்.

7. புதுக் கன்ட்ரோலருக்கு முதன்முதலாக பேட்டரி கொடுக்கும்போது, நடுவில் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பை வரிசையாக இணையுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். சில ரூபாய் பல்பு பேட்டரியைக் காப்பாற்றும், புகையும் வராது. மூன்று செல் பேட்டரிக்கு இது சரி; மோட்டாரை வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டும் பல்பை எடுத்துவிட வேண்டும்.

8. கன்ட்ரோலரைப் பேட்டரியே இல்லாமலும் பார்க்கலாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் கறுப்பு வயரிலும், கறுப்பு முனையை மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஒவ்வொன்றிலும் தொடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால் சரி. ஏதாவது ஒன்று பூஜ்யம் காட்டினால் அங்கே மாஸ்ஃபெட் போய்விட்டது. அடுத்து சிவப்பு முனையை அதே மூன்று வயரிலும், கறுப்பு முனையை பேட்டரியின் சிவப்பு வயரிலும் வைத்து இன்னொரு முறை. எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பயப்படாதீர்கள், கெப்பாசிட்டர் நிரம்புகிறது. நிற்கும்வரை பொறுத்துக் குறியுங்கள்.

9. மோட்டாரின் சுற்றை வெறும் மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்து எழுதினால் கடைக்காரர் சிரிப்பார். 2212 போன்ற சின்ன மோட்டாரில் இரண்டு வயருக்கு இடையே ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்; மீட்டர் வயரின் தடையே அதற்குச் சமமாகிவிடும். பக்கத்து மொபைல் ரிப்பேர் கடையில் டி.சி. சப்ளை இருக்கும். அதில் மின்னோட்டத்தை 1 ஆம்பியரில் நிறுத்தி இரண்டு வயருக்குக் கொடுத்து, மீட்டரை மோட்டாரின் வயரிலேயே வைத்து மில்லிவோல்ட்டைப் படியுங்கள். கிளிப்பின் மேல் வைக்கக் கூடாது. 130 மில்லிவோல்ட் என்றால் 0.13 ஓம், கணக்குப் போட ஒன்றுமே இல்லை. சில விநாடியில் படித்துவிட்டு எடுத்துவிடுங்கள், சூடானால் எண் ஏறும்.

10. அந்த மூன்று எண்ணை எப்படிப் படிப்பது என்று கேட்டால், நல்ல மோட்டார் 129, 130, 131 என்று ஒட்டியே காட்டும். ஒன்று 130, மற்ற இரண்டும் 210, 212 என்றால், அந்த இரண்டுக்கும் பொதுவான வயர் எதுவோ அதன் சாலிடரில்தான் குறை. செம்புக் கம்பியின் மேலிருக்கும் வார்னிஷைச் சரியாகச் சுரண்டாமல் பற்றவைத்தால் இப்படி ஆகும். ஒரே பேட்சில் இரண்டு மூன்று மோட்டாரில் இதே குறை தெரிந்தால் அது தற்செயல் இல்லை. கடிதத்தில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

11. கையாலேயே தெரிவதும் உண்டு. பெல்லைச் சுற்றி விட்டுக் காதருகே வைத்தால், உரசல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சரக் என்று கேட்கும்.

12. நாலைந்தைச் சோதித்துவிட்டு மீதியை அப்படியே விடாதீர்கள். ஐந்தில் ஒன்று பழுதான பேட்சில் கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுத்துப் பொருத்தினால், 100 ட்ரோனில் ஏறக்குறைய 40-க்குத்தான் நான்கும் நல்லதாக அமையும். சோம்பல் பட்டால் அதன் விலை இதுதான்.

13. கடிதத்தை பில் போட்டவருக்கே எழுதுங்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு முழு ட்ரோன் இறக்குமதியைத் தடுத்தபோது பாகங்களுக்குத் தடை போடவில்லை. அதனால் பெட்டி மேல் ஏதோ ஒரு சீனப் பெயர் இருக்கலாம். அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டு நாளை ஓட்டாதீர்கள்; உங்களிடம் விற்றவர் யாரோ அவர்தான் பொறுப்பு.

14. 15 நாள் என்பதைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். விற்றவர் உத்யம் பதிவு உள்ள சிறு தயாரிப்பாளராக இருந்து நீங்கள் பணம் பாக்கி வைத்திருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கை வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகச் சிறு, குறுந்தொழில் சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் கெடுவும் அங்கிருந்தே எண்ணப்படலாம்; அது தாண்டினால் வட்டி ஓடும். பணம் முழுக்கக் கொடுத்தாயிற்று என்றாலும் தாமதிக்க வேண்டாம். நியாயமான காலம் தாண்டிப் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றதாகவே கொள்ளும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்.

15. கோபத்தை எல்லாம் போனில் தீர்த்துக்கொண்டு, கடிதத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டு மாதிரி இது. பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம்.

"ஐயா, வணக்கம். தங்கள் ஜூலை 1 தேதியிட்ட பில்லின்படி 2212 அளவு 920 கே.வி. மோட்டார் 24, 30 ஆம்பியர் ஸ்பீட் கன்ட்ரோலர் 24 ஆகியவை ஜூலை 4 அன்று வந்து சேர்ந்தன. ட்ரோனில் பொருத்துமுன் 48-ஐயும் சோதித்தோம். மோட்டார் 3, 8, 17: ஒரு வயரின் இணைப்பில் தடை அதிகம். மோட்டார் 11, 20: பெல் உரசுகிறது. கன்ட்ரோலர் 2, 9, 14, 21: பேட்டரியின் எதிர்முனைக்கும் ஒரு மோட்டார் வயருக்கும் இடையே ஷார்ட். அளவுகளும் படங்களும் இணைப்பில் உள்ளன. இந்த ஒன்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. 10 நாளுக்குள் மாற்று அனுப்பவும். இயலாவிட்டால் மோட்டார் ஐந்துக்கு ரூ.2,250, கன்ட்ரோலர் நான்குக்கு ரூ.1,600, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.693, ஆக ரூ.4,543-க்கு கிரெடிட் நோட் தரவும். மீதி 19 மோட்டாரில் இதே இணைப்புக் குறை பின்னால் தெரிந்தால் மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதி தரவும். பழுதான பொருட்களை எடுத்துச்செல்லத் தாங்களே கூரியர் ஏற்பாடு செய்யவும்."

16. "இந்த ஒன்பதையும் நாங்கள் ஏற்கவில்லை" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "பார்த்துச் சொல்லுங்கள்", "கொஞ்சம் கவனியுங்கள்" என்றெல்லாம் குழைந்தால் அது விசாரிப்பு மாதிரி ஆகிவிடும், மறுப்பு ஆகாது.

17. திருப்பி அனுப்பும் கூரியர் காசு யார் தலையில்? வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாங்கியவர் கடமை இல்லை, மறுத்ததைத் தெரிவித்தால் போதும் என்று அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. அவசரத்துக்கு நீங்களே அனுப்பினாலும் ரசீதை வைத்துக் கேளுங்கள்.

18. வாட்ஸப்பில் "பார்த்தாச்சு" நீலக் குறி வந்ததோடு திருப்திப்பட வேண்டாம். அதே கடிதத்தை மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான தாளைப் பில்லோடு குத்தி வையுங்கள்.

19. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது" என்று பில்லின் அடியில் சிறு எழுத்தில் இருந்தால் அலறாதீர்கள். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் எறணாகுளம் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், ரூ.5 லட்சம்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள்.

20. இதற்கு ஓர் எல்லை உண்டு. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் தனி ஆள் தன் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கினால் நுகர்வோர்தான். ட்ரோன் கட்டி விற்கும் கம்பெனி வாங்கினால் அது வணிகம், நுகர்வோர் ஆணையம் ஏற்காது. அப்படிப்பட்டவர்களுக்குக் கடிதமும் பில்லும் சிவில் கோர்ட்டும்தான்.

21. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால், சரக்கு திரும்பியதும் கடைக்காரரின் கிரெடிட் நோட்டில் பழைய பில் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த வரிக் கழிவை அந்த அளவுக்குக் குறைக்க மறந்தால் பின்னால் நோட்டீஸ் வரும்.

22. அனுப்பும்போது கன்ட்ரோலரை அது வந்த வெள்ளி நிறப் பையிலேயே போடுங்கள்; சாதாரண பிளாஸ்டிக் கவரில் நிலைமின்சாரம் தாக்கினால் இருக்கிற பழுதோடு புதிதாக ஒன்று சேரும். மோட்டாரை அதே முட்டைத் தட்டில் எண்ணோடு வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள்.

23. மாற்றாக வருவதையும் அதே 1 ஆம்பியர், அதே டயோடு சோதனை வைத்துப் பார்த்துவிட்டே ஏற்றதாகச் சொல்லுங்கள். முன்பு திருப்பியதையே துடைத்து அனுப்பினால் கண்டுபிடிக்க, பழைய மோட்டாரின் அடியில் கண்ணில் படாத இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருங்கள்.