முதல் மூன்று மணி நேரத் தூக்கம் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. நீளம் தாண்டுதலில் மாவட்டப் போட்டிகளுக்குப் போகிறாள். காலை 4.30க்கு எழுந்து பயிற்சிக்குக் கிளம்புவாள். பிறகு பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம். படுக்க இரவு 11 ஆகிவிடும். ஆழ்ந்த தூக்கம் முதல் மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடும், வளர்ச்சி ஹார்மோனும் அப்போதே சுரந்துவிடும், அதற்கு மேல் தூங்குவது வெறும் சோம்பல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கவும் விடுகிறேன். ஆனாலும் இரண்டு மாதமாகக் கால்வலி தீரவில்லை, தாண்டும் தூரமும் குறைகிறது. இந்த வயதில் எத்தனை மணி நேரம்தான் தூங்க வேண்டும்?
— ஒரு வாசகர், ஜெகதளா

பதில்: ஐயா, அந்த வீடியோ முழுப் பொய் சொல்லியிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். பாதி உண்மை சொல்லியிருக்கிறது, அதுதான் சிக்கல்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. மூளை அலைகள் மெதுவாகவும் பெரிதாகவும் எழும் ஆழ்ந்த தூக்கம், முன்னிரவின் சுற்றுகளில்தான் அதிகம். வளர்ச்சி ஹார்மோனின் பெரிய சுரப்பும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. இது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். ஆகவே 11 மணிக்குப் படுக்கும் உங்கள் மகளுக்கு இரண்டரை மணிக்குள் அந்தப் பங்கின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதுவரை வீடியோக்காரர் சொன்னது சரி.

அடுத்த அடியில்தான் சறுக்குகிறார். ஹார்மோன் சுரந்துவிட்டது, எனவே தசை சரியாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார். மேஸ்திரி வந்து வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டுப் போனதும் சுவர் எழும்பிவிடுமா? கடினமான பயிற்சிக்குப் பிறகு, தேய்ந்த தசை இழைகளில் புதிய புரதத்தைச் சேர்க்கும் வேலை ஒரு நாளுக்கு மேலும் நடக்கிறது. அந்த வேலைக்கு வளர்ச்சி ஹார்மோன் மட்டும் பொறுப்பல்ல. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 இளைஞர்களை ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்து, தசையில் புரதம் உருவாகும் வேகத்தை அளந்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது. உடலை உடைக்கும் பக்கம் வேலை செய்யும் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. அது முழு இரவு விழிப்பு. உங்கள் மகள் ஐந்து மணி நேரமாவது தூங்குகிறாள். எனவே அதே 18 சதவீதத்தை அவள் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் இழுக்கிறது என்பது தெரிகிறது.

நீளம் தாண்டுகிற பெண் என்பதால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பின்னிரவு. 4.30 மணி அலாரம் வெட்டி எறிவது அதைத்தான். கனவுகள் மிகும் ரெம் தூக்கமும், இரண்டாம் கட்டம் எனப்படும் இலேசான தூக்கமும் விடியலை நெருங்க நெருங்கக் கூடுகின்றன. இலேசான தூக்கம் என்றதும் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டில் 2002இல் ஒரு சோதனை செய்தார்கள். விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று பகல் முழுக்க விழித்திருந்து மறுபடி தட்டியவர்களிடம் முன்னேற்றம் பெரிதாக இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள், இடையில் பயிற்சியே இல்லாமல், சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். அந்த முன்னேற்றம் பொருந்திப் போனது இரவின் கடைசிக் கால்பகுதியில் வரும் இரண்டாம் கட்டத் தூக்கத்தோடு.

விரல் தட்டுவது வேறு, மணல்குழிக்குள் பாய்வது வேறு என்பது உண்மைதான். ஆனால் நீளம் தாண்டுதலில் பாதி வித்தை ரன்-அப்பில் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடிவந்து, கடைசி இரண்டு எட்டில் தாளத்தை மாற்றி, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் கீழே பார்க்காமல் கால் வைக்க வேண்டும். காலையில் கோச் திருத்திக் கொடுத்த அந்தத் தாளம் உடம்பில் பதிய வேண்டிய நேரத்தில் அவள் எழுந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். தூரம் குறையும்போது அவள் ஃபவுல் அதிகமாகிறதா, பலகைக்கு முன்னாலேயே கால் விழுகிறதா என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள். ஓட்ட வேகம் அப்படியே இருந்து கால் மட்டும் தவறுகிறது என்றால், நான் முதலில் தூக்கத்தைத்தான் சந்தேகிப்பேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை: 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. வாரத்தில் ஐந்தாறு நாள் கடினமாகப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு 9 மணியை இலக்காக வையுங்கள், எட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்பது என் கணக்கு.

எட்டைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி ஒன்றின் 112 மாணவ விளையாட்டு வீரர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், 8 மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. தூக்கக் குறைவுதான் காயத்தை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டின் 2011 ஆய்வு இன்னும் நேரடியானது. 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் 10 மணி நேரமாவது படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களின் ஓட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 ஆனது, ஃப்ரீ த்ரோவில் குறி 9 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பது அதன் குறை. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் அதில் இருக்கிறது. 10 மணி நேரம் படுத்தவர்கள் உண்மையில் தூங்கியது சுமார் எட்டரை மணிதான். படுக்கையில் கழித்த நேரமும் தூங்கிய நேரமும் ஒன்றல்ல.

இதே கணக்கை உங்கள் மகளுக்குப் போடுவோம். 11 முதல் 4.30 வரை படுக்கையில் ஐந்தரை மணி, தூக்கம் ஐந்து. ஆறு இரவுக்கு 30 மணி. ஞாயிறு காலை வரை ஒன்பதரை என்று தாராளமாகவே வைத்தாலும் வாரத்துக்கு 40ஐத் தொடவில்லை. தேவை 63. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கடனில் ஒரு துளியைத்தான் அடைக்கிறது. அதோடு பத்து மணிக்கு எழுந்த பிள்ளைக்கு அன்றிரவு பன்னிரண்டு வரை தூக்கம் வராது. திங்கட்கிழமை பாதாளத்திலிருந்துதான் தொடங்கும். ஞாயிறன்று வழக்கத்தைவிட ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி கூடுதலாக விடுங்கள். மீதிக்கு மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் அரைமணி நேரக் குட்டித் தூக்கம்.

எட்டரைக்கே படுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். படுப்பாள், தூங்கமாட்டாள். அடம் என்று நினைக்க வேண்டாம். பூப்பெய்தும் வயதில் உடல் கடிகாரமே ஒன்று இரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. ‘இருட்டிவிட்டது, தூங்கு’ என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அந்தக் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம். உங்கள் ஊரில் ஜனவரியில் சூரியன் எழ 6.40 தாண்டிவிடும், அதற்குமேல் பனிமூட்டம் வேறு. 4.30க்கு எழுபவள் சுமார் இரண்டு மணி நேரம் இருட்டில்தான் இருக்கிறாள். எழும் நேரம் முன்னால் போகிறது, கடிகாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எனவே மாற்ற வேண்டியது பயிற்சி நேரம். கோச்சிடம் பேசி, வாரத்தில் மூன்று நாளாவது பயிற்சியைப் பள்ளி விட்டபின் மாலைக்கு மாற்றுங்கள். ரன்-அப் திருத்தும் நாட்களை அதில் வையுங்கள். மாலைப் பயிற்சி நாட்களில் டியூஷனை விட்டுவிட்டால் ஒன்பதேகாலுக்குப் படுத்து ஆறே காலுக்கு எழலாம். படுக்கையில் ஒன்பது மணி, தூக்கம் எட்டுக்கு மேல். காலைப் பயிற்சி நாட்களிலும் 5.15க்கு முன் அலாரம் வேண்டாம். வார்ம்-அப்பை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொண்டு போகட்டும். பத்தாம் வகுப்பில் டியூஷனைக் குறைப்பதா என்று கேட்பீர்கள். இரவு பத்தரை மணிக்குக் கொட்டாவியோடு படித்தது எவ்வளவு நிற்கிறது என்று அவளையே கேளுங்கள்.

தேயிலை ஊர்க்காரரிடம் டீயைப் பற்றிப் பேசப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். டீயில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். டியூஷன் போகுமுன் ஆறு மணிக்குக் குடிக்கும் ஸ்ட்ராங் டீயின் பாதி, 11 மணிக்கும் உடம்பில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் ஒன்று போதும். குளிரில் கால் சில்லிட்டிருந்தாலும் தூக்கம் வரத் தாமதமாகும். சாக்ஸ் போட்டுப் படுக்கட்டும். பாதம் சூடானால் உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கும், தூக்கமும் சீக்கிரம் வரும்.

மூன்று வாரம் பாருங்கள். அலாரம் அடிக்கும் முன் தானாக விழிப்பது, பஸ்ஸில் தலை சாயாமல் இருப்பது, எழுந்ததும் எண்ணிப் பார்க்கும் நாடித்துடிப்பு பழைய அளவுக்கு இறங்குவது, இவை தூக்கம் போதிய அளவுக்கு வந்துவிட்டதன் அடையாளங்கள். கைக்கடிகாரம் காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ போன்ற கணக்குகளை நம்பிக் கவலைப்படாதீர்கள். மொத்த நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும், கட்டங்களைப் பிரிப்பதில் தடுமாறும்.

கால்வலியை மட்டும் தூக்கத்தின் தலையில் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முன்கால் எலும்பிலோ பாதத்திலோ, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலி இருந்தால், அது எலும்பில் விழும் மெல்லிய விரிசலாக இருக்கலாம். தாண்டுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று உடனே ஓட விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் வரும் வயது என்பதால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும், அதாவது உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தின் அளவையும், பார்த்துவிடுங்கள். அது குறைந்திருந்தால் எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு தீராது.

போட்டிக்கு முந்தின இரவு அவளுக்குத் தூக்கம் வராமல் போகலாம். நிறைய வீரர்களுக்கு அப்படித்தான். அந்த ஓர் இரவு தூரத்தை அதிகம் குறைப்பதில்லை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க எட்டு மணிக்குக் குறையாமல் தூங்கியிருந்தால், அன்றிரவு அவள் புரண்டுகொண்டிருந்தாலும் ‘தூங்கு தூங்கு’ என்று அதட்ட வேண்டாம்.