பில் இருக்கிறது, இன்புட் ஏன் இல்லை?

"சார், 2பிக்கும் 3பிக்கும் 36,000 ரூபாய் வித்தியாசம்னு நோட்டீஸ் வந்திருக்கு. கட்டிடலாமா, விட்டுடலாமா?" வரி ஆலோசகரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. 36,000 என்பது கூட்டுத்தொகை மட்டுமே. அதற்குள் எந்தெந்த பில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் இன்புட் எடுக்கப்பட்டது என்று சொன்ன பிறகுதான் ஆலோசகரால் வாயைத் திறக்க முடியும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். 2024-25 நிதியாண்டு முழுவதற்கும் 3பி ரிட்டர்னில் அவர் எடுத்த இன்புட் 14,76,000 ரூபாய். அதே ஆண்டின் 2பி அறிக்கைகளைக் கூட்டினால் 14,40,000 வருகிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று ASMT-10 நோட்டீஸ் வந்தது. பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் இரண்டே பில்களில் அடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் வாங்கிய சரக்குக்கு 9,000 ரூபாய் வரி. 2025 மார்ச் 28 தேதியிட்ட பில்லுக்கு 27,000 ரூபாய் வரி.

நம்பிக்கை: பில் கையில் இருக்கிறது, சரக்கு வந்துவிட்டது, வரியோடு சேர்த்துப் பணமும் வங்கி வழியாகப் போய்விட்டது; அதனால் இன்புட் என் உரிமை.

அவை எல்லாமே வேண்டும்தான், ஆனால் அவை மட்டும் போதாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(aa) பிரிவு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது வாங்கியவருடைய 2பியில் வந்திருந்தால்தான் இன்புட் எடுக்கலாம். மாத ரிட்டர்ன் போடும் சப்ளையருக்கு 11ஆம் தேதி கடைசி நாள். 14ஆம் தேதி 2பி உருவாகிறது. 20ஆம் தேதிக்குள் நாம் 3பி போடுகிறோம். நம் கடைக்காரரின் 9,000 ரூபாய் பில்லை சப்ளையர் காட்டத்தான் செய்தார். ஆனால் வேறொருவரின் ஜிஎஸ்டி நம்பரில் காட்டிவிட்டார். பணம் கொடுத்தவரின் மேல் எந்தத் தப்பும் இல்லை. இது எனக்கும் நியாயமாகப் படவில்லை, ஆனாலும் இன்றைய சட்டத்தில் அந்த 9,000 அப்போது அவருக்குக் கிடையாது.

நம்பிக்கை: 2பியில் இல்லாததை எடுத்துவிட்டோம், அதனால் முழு 36,000 ரூபாயையும் வட்டியோடு கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இந்த அவசரத்தால்தான் அதிக நஷ்டம் வருகிறது. மார்ச் 28 பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இன்புட்டை அவர் ஏப்ரல் 20 அன்று போட்ட மார்ச் ரிட்டர்னிலேயே எடுத்துவிட்டார். சப்ளையரோ அதை ஏப்ரல் மாத ஜிஎஸ்டிஆர்-1இல், மே 11 அன்றுதான் காட்டினார். அதனால் மே 14 அன்று வந்த ஏப்ரல் 2பியில் அது இருக்கிறது. ஆண்டு மாறிவிட்டதால் 2024-25 கணக்கில் வித்தியாசமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதில் ஆலோசகர் முதலில் பார்ப்பது ஏப்ரல் மாத 3பியை. அந்த மாத 2பி 1,25,000 காட்டும்போது அவர் 98,000 மட்டுமே எடுத்திருக்கிறார். 27,000 குறைவாக எடுத்திருப்பதால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை இன்புட் எடுக்கவில்லை என்று ஆகிறது. முழு 1,25,000-ஐயும் எடுத்திருந்தால் கதை வேறு. அந்த 27,000 உண்மையான அதிகப்படி ஆகியிருக்கும்.

ஒரு மாதம் முந்தி எடுத்ததற்கு வட்டி உண்டா? இங்கேதான் கிரெடிட் லெட்ஜர் வேண்டும். 50(3) பிரிவின்படி, தவறாக எடுத்த இன்புட்டை எடுத்ததோடு நில்லாமல் பயன்படுத்தியும் இருந்தால்தான் வட்டி, ஆண்டுக்கு 18 சதவீதம். லெட்ஜரில் உள்ள இருப்பு, தவறாக எடுத்த தொகைக்குக் கீழே இறங்கும்போதுதான் பயன்படுத்தியதாகக் கணக்கு. ஏப்ரல் 20 அன்று வரியைக் கழித்த பிறகும் அவர் லெட்ஜரில் 41,000 ரூபாய் மிச்சம் இருந்தது. அடுத்த ரிட்டர்ன் வரை அது குறையவில்லை. ஆகவே 27,000-க்கு வட்டி இல்லை.

9,000 அப்படி இல்லை. 2024 செப்டம்பர் 20 அன்று எடுத்தார். அடுத்த இரண்டு மாதமும் இருப்பு 9,000-க்கு மேலேயே இருந்தது. டிசம்பர் 20 அன்று நவம்பர் ரிட்டர்ன் போட்டபோது இருப்பு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் வட்டி ஓடுகிறது, எடுத்த நாளிலிருந்து அல்ல. 2025 செப்டம்பர் 5 அன்று DRC-03 வழியாகக் கட்டினார் என்றால் நடுவில் 259 நாள்:

```
9,000 × 18% × 259 / 365 = 1,150
```

வரி 9,000-ஐ கிரெடிட் லெட்ஜரிலிருந்தே கட்டலாம். வட்டி 1,150 மட்டும் ரொக்க லெட்ஜரிலிருந்து போக வேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டுக்கும் இருப்பைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் சுருக்கத்துக்காக இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

நம்பிக்கை: ASMT-10 கம்ப்யூட்டர் அனுப்பும் நோட்டீஸ், பதில் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது.

அது வரிக் கேட்பு அல்ல என்பது சரி. ரிட்டர்னைப் பரிசீலித்த அதிகாரி, 61ஆவது பிரிவின் கீழ் விளக்கம் கேட்கிறார். பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது; நம் கடைக்காரருக்கு செப்டம்பர் 11 வரை. ASMT-11இல் அவர் கொடுக்கும் பதிலில் 27,000-க்கு பில் நகலும் ஏப்ரல் 2பியும் 3பியும், 9,000-க்கு DRC-03 செலுத்திய விவரமும் போதும். அதிகாரி ஏற்றால் ASMT-12 வரும், விஷயம் முடியும். பதிலே இல்லை என்றால் அடுத்தது 74A பிரிவின் நோட்டீஸ். அதற்குப் பிறகும் 60 நாளுக்குள் கட்டாவிட்டால், மோசடி இல்லாத வழக்கிலும் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். 9,000 ரூபாய் வரிக்கு அதைவிடப் பெரிய அபராதம். "நோட்டீஸே வரலையே" என்கிறவர்கள் போர்ட்டலில் `View Notices and Orders` மட்டும் பார்த்திருப்பார்கள். இது பல நேரம் `View Additional Notices/Orders` பக்கத்தில் கிடக்கும்.

இனி அந்த 9,000 போனது போனதுதானா? இல்லை. சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1இன் 9A அட்டவணையில் ஜிஎஸ்டி நம்பரைத் திருத்தினால், அந்த மாத 2பியில் பில் வந்துவிடும். ஆனால் 2024-25 பில்லுக்கு இன்புட் எடுக்க 2025 நவம்பர் 30 கடைசி. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்தத் தேதியே கடைசி. ஆகவே சப்ளையர் நவம்பர் 11க்குள் போடும் அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1இல் திருத்தம் வந்தாக வேண்டும். அப்போதுதான் நவம்பர் 20 அன்று போடும் 3பியில் எடுத்துக்கொள்ளலாம். சப்ளையருக்கு பில் எண், தேதி, தவறான நம்பர், சரியான நம்பர் நான்கையும் எழுதி மெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் அவர் கணக்காளர் வரை போய்ச் சேராது.