கோடு போட்டு மௌனம் காக்கலாம்

கேள்வி: திருத்தணி தமிழகத்தோடு இணைந்த வரலாற்றைப் பேச்சுப் போட்டிக்காக என் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் பேசும்போது முக்கியமான வரி மனதில் நிற்காமல் ஓடிவிடுகிறதே?
– வாசகி, திருத்தணி

பதில்: மௌனத்தையும் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். இரட்டைக் கோட்டுக்கு ஒரு நொடி, மூன்று கோட்டுக்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொள்ளலாம்.

"ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊருக்காகப் பலர் சிறை சென்றார்கள். // 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. ///"

முன்னால் விடும் இடைவெளி, அடுத்து என்ன என்று காதைத் தீட்ட வைக்கும். பின்னால் விடுவது, கேட்டதை உள்வாங்க நேரம் தரும். அதனால் அதுவே நீளமாக இருக்கட்டும். ஒலிபெருக்கி எதிரொலிக்கும் திடலில் இன்னும் ஒரு நொடி கூட்டுங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், 'திருத்தணி நம்மோடு' என்று சொல்லி நிறுத்தினால் மறந்துவிட்டாள் என்றே நினைப்பார்கள். மௌனத்தின்போது பார்வை தாளுக்குப் போனாலும் அப்படித்தான், சபையைப் பார்க்கட்டும்.

பேசுபவருக்கு ஒரு நொடியே நீளமாகத் தோன்றும், அவசரப்பட்டு விழுங்கிவிடுவார்கள். செல்போனில் பதிவு செய்து, கோடு போட்ட இடத்தில் மௌனம் கேட்கிறதா என்று பாருங்கள். மூன்று நிமிடப் பேச்சில் மூன்று கோடு ஒரே இடத்தில்தான் வர வேண்டும்.